வைஃபை இருக்கு, இணையம் இல்லையா? முதலில் தேதியைப் பாருங்கள்

வீட்டில் இணையம் வரவில்லை என்றால் நாம் செய்யும் காரியங்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் மோடத்தை அணைத்துப் போடுவோம். பிறகு மேசைக்குப் பின்னால் குனிந்து கம்பிகளை அழுத்திப் பார்ப்போம். அதற்குப் பிறகு இணையச் சேவை நிறுவனத்துக்கு அழைத்து, இசையைக் கேட்டுக்கொண்டே அரைமணி நேரம் காத்திருப்போம். கடைசியில், "லாப்டாப் போயிடுச்சு" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவோம்.

இந்த வரிசையில் இல்லாத ஒரு வேலை உண்டு. திரையின் மூலையில் இருக்கும் தேதியை, குறிப்பாக ஆண்டை, ஒருமுறை பார்ப்பது. ஐந்து விநாடிகூட ஆகாது.

தேதிக்கும் இணையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். எங்கள் அடுக்குமாடியில் மேல் மாடியில் குடியிருக்கும் ஓர் அக்காவுக்கும் அப்படித்தான் தோன்றியது. வீட்டிலேயே டியூஷன் நடத்துபவர் அவர். வருமான வரிப் படிவம் நிரப்ப ஏப்ரல் கடைசி வாரத்தில் அலமாரியிலிருந்து பழைய மடிக்கணினியை எடுத்திருக்கிறார். பல மாதங்களாகத் திறக்காத கணினி. மின்சாரம் கொடுத்ததும் உயிர் வந்துவிட்டது, வைஃபையும் இணைந்துவிட்டது. ஆனால் ஒரு தளமும் திறக்கவில்லை.

"தம்பி, வைஃபை எல்லாம் நல்லாத்தான் காட்டுது. பையனோட போன்ல எல்லாம் ஓடுது. இதுக்கு மட்டும் லைன் வரமாட்டேங்குது" என்றார்.

அதற்குள் மோடத்தை இரண்டு முறை அணைத்துப் போட்டாயிற்று. இணைய நிறுவனம், "உங்கள் லைன் சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டது. ஒரு கடையில், "ஃபார்மட் பண்ணிடலாம்" என்றார்களாம். ஃபார்மட் செய்தால் கணினியில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். பிள்ளைகளின் பழைய படங்கள், ஆறு ஆண்டு டியூஷன் பாடங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை.

திரையின் வலது கீழ் மூலையில் தேதி 1/1/2015 என்று இருந்தது. அவ்வளவுதான் கோளாறு.

குடிநுழைவு அதிகாரியின் நாள்காட்டி

ஜோகூர் பாருவிலிருந்து உட்லண்ட்ஸ் போகிறீர்கள். குடிநுழைவு அதிகாரியிடம் கடப்பிதழை நீட்டுகிறீர்கள். அவர் முதலில் பார்ப்பது இரண்டு தேதிகளை: எப்போது கொடுக்கப்பட்டது, எப்போது காலாவதியாகிறது. இன்றைய நாள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

இப்போது அந்த அதிகாரியின் மேசை நாள்காட்டி மட்டும் 2015-ஐக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கடப்பிதழ் சென்ற ஆண்டு எடுத்தது. அவர் கணக்கில் அது இன்னும் அச்சடிக்கப்படவே இல்லை! எதிர்காலத்தில் கொடுக்கப்போகும் கடப்பிதழோடு வந்து நிற்பவரை எப்படி உள்ளே விடுவது? உங்களைத் திருப்பி அனுப்புகிறார். உங்களுக்குப் பின்னால் நிற்பவரையும், அவருக்குப் பின்னால் நிற்பவரையும் அப்படியே அனுப்புகிறார். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குப் பாலமே மூடப்பட்டதுபோல் தெரியும். பாலம் திறந்துதான் இருக்கிறது. நாள்காட்டிதான் தவறு.

இணையத்தில் நடப்பதும் இதுவே. https என்று தொடங்கும் ஒவ்வொரு தளமும் நம் உலாவியிடம் முதலில் ஒரு சான்றிதழை நீட்டும். அதில் தளத்தின் பெயர், சான்றிதழ் கொடுத்த அமைப்பின் பெயர், அந்த அமைப்பின் மின்னியல் கையொப்பம், இவற்றோடு தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்கும். இன்றைய நாள் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்பதை உலாவி, நம் கணினியின் கடிகாரத்தை வைத்தே முடிவு செய்கிறது. கடிகாரம் பொய் சொன்னால் உலகத்தில் உள்ள நல்ல தளங்கள் எல்லாமே போலியாகத் தெரியும்.

இந்தத் தேதிகளை நீங்களே பார்க்கலாம். குரோமில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தைச் சொடுக்குங்கள். "Connection is secure", அதன்பின் "Certificate is valid" என்று போனால் "Issued On", "Expires On" என இரண்டு தேதிகள் வரும். அவற்றுக்கு இடையே உள்ள காலம் பெரும்பாலும் மிகக் குறைவாக இருப்பதைக் கவனிப்பீர்கள்.

சில தளங்கள் மட்டும் திறப்பது ஏன்?

அக்காவின் கணினியில் ஆண்டே தவறு என்பதால் எதுவுமே திறக்கவில்லை. ஆனால் தேதி சில நாள்கள் மட்டும் பின்தங்கியிருந்தால் கதை இன்னும் குழப்பமானது. ஒரு தளம் திறக்கும், இன்னொன்று திறக்காது. நமக்கு உடனே "லைன் ஸ்லோ" என்றுதான் தோன்றும்.

ஓர் உதாரணம். இன்று ஏப்ரல் 20. உங்கள் கணினியோ மார்ச் 31 என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. முதல் தளத்தின் சான்றிதழ் மார்ச் 10 முதல் ஜூன் 8 வரை செல்லும். மார்ச் 31 அதற்குள் அடங்குவதால் தளம் வழக்கம்போல் திறக்கிறது. இரண்டாவது தளம் தன் சான்றிதழை ஏப்ரல் 12-ஆம் தேதிதான் புதுப்பித்தது. மார்ச் 31-இல் நிற்கும் கணினிக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். அதனால் கதவை மூடிவிடுகிறது. இரண்டு தளத்திலும் பிழை இல்லை, லைனிலும் பிழை இல்லை.

இந்தக் குழப்பம் இனி கூடத்தான் செய்யும். ஒரு காலத்தில் சான்றிதழ்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக்கூடச் செல்லுபடியாகும். சில வாரம் தவறாக ஓடும் கடிகாரத்தை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். 2020 செப்டம்பர் முதல் முக்கிய உலாவிகள் புதிய சான்றிதழ்களுக்கு 398 நாளை உச்ச வரம்பாக்கின. உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் வழங்கும் அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் மன்றம் இதை மேலும் குறைக்க முடிவு செய்திருக்கிறது: 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். காலம் குறுகக் குறுக, கடிகாரத்தில் உள்ள சிறிய பிசகும் அதிகத் தளங்களை மூடும். கடிகாரம் இரண்டு மாதம் பின்தங்கினாலே ஏறக்குறைய எல்லாக் கதவும் மூடிவிடும் காலம் தூரத்தில் இல்லை.

இணையம் இல்லாததுபோல் தெரிவது ஏன்?

உலாவியில் பார்த்தால் விஷயம் ஓரளவு தெரிந்துவிடும். கடிகாரம்தான் தவறு என்று குரோம் கண்டுபிடித்துவிட்டால் "Your clock is behind" அல்லது "Your clock is ahead" என்றே சொல்லும். கண்டுபிடிக்க முடியாதபோது "Your connection is not private" என்ற பக்கம் வரும். அதன் கீழே சிறிய எழுத்தில் இப்படி இருக்கும்:

```
NET::ERR_CERT_DATE_INVALID
```

இதில் நாம் தேட வேண்டிய சொல் DATE. ஆனால் பலர் அந்தப் பக்கத்தில் "connection" என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மோடத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

செயலிகளில் நிலைமை இன்னும் மோசம். பல செயலிகள் சான்றிதழைப் பற்றி வாயே திறப்பதில்லை. "இணைப்பு இல்லை, பிறகு முயலவும்" என்று மட்டும் சொல்லும். வாட்ஸ்அப் இதில் விதிவிலக்கு. தேதி தவறாக இருந்தால் கைப்பேசியின் தேதியைச் சரிசெய்யுங்கள் என்று நேராகவே கேட்கும்.

விண்டோஸ் வேறு விதமாக ஏமாற்றும். இணையம் இருக்கிறதா என்று சோதிக்க அது மைக்ரோசாப்ட்டின் ஒரு சிறிய பக்கத்தைத் தட்டிப் பார்க்கிறது. அது https இல்லாத, சான்றிதழ் கேட்காத பக்கம். அதனால் தேதி எந்த ஆண்டில் இருந்தாலும் அந்தச் சோதனை தேறிவிடும், வைஃபை சின்னமும் நன்றாகவே இருக்கும். அக்கா, "வைஃபை நல்லாத்தான் காட்டுது" என்று சொன்னது இதனால்தான்.

ஆண்டிராய்டு தொலைக்காட்சிப் பெட்டிகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஆண்டிராய்டு, https வழியாகவும் ஒரு சோதனை செய்கிறது. தேதி தவறாக இருந்தால் அந்தச் சோதனை தோற்கும். உடனே வைஃபை பெயருக்குக் கீழே "Connected, no internet" என்று எழுதிவிடும். இந்தப் பெட்டிகள் பலவற்றில் கடிகாரத்தை ஓட்டத் தனி மின்கலம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால் நேரத்தை இணையத்திலிருந்துதான் மறுபடி வாங்க வேண்டும். அந்த முயற்சி தவறினால் பெட்டி ஏதோ ஒரு பழைய தேதியிலேயே நின்றுவிடும். இரவு மின்தடை, காலையில் தொலைக்காட்சியில் இணையம் இல்லை, கைப்பேசியில் மட்டும் இருக்கிறது என்றால் பெட்டியின் தேதியைப் பாருங்கள்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் இன்னொரு காரணமும் உண்டு. சில விளையாட்டுகளில் உயிர் தீர்ந்துவிட்டால் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். தேதியை முன்னால் தள்ளி வைத்தால் காத்திருக்க வேண்டாம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். திருப்பி வைக்கத்தான் மறந்துவிடுவார்கள். மாலையில் டேப்லெட்டைக் கையில் எடுக்கும் தாத்தாவுக்கு ஒரு காணொளியும் ஓடாது. இதில் ஒரு நுணுக்கம்: பெரும்பாலான கைப்பேசிகளின் பூட்டுத் திரையில் நாளும் மாதமும் வரும், ஆண்டு வராது. ஆகவே அமைப்புகளுக்குள் போய் ஆண்டைப் பார்க்க வேண்டும்.

சரிசெய்யும் வழி

அக்காவின் கணினியில் செய்ததை அப்படியே சொல்கிறேன். முதல் வேலை, அதே வைஃபையில் இன்னொரு கருவி ஓடுகிறதா என்று பார்ப்பது. மகனின் கைப்பேசி ஓடியது. ஆக, மோடத்தைத் தொடத் தேவையில்லை. அடுத்து உலாவியில் http://neverssl.com என்று தட்டினோம். வேண்டுமென்றே https இல்லாமல் நடத்தப்படும் தளம் இது. அது உடனே திறந்தது. லைன் உயிரோடு இருக்கிறது, தடுப்பது சான்றிதழ்தான் என்பது உறுதியாகிவிட்டது.

பிறகு "Settings", அதில் "Time & language", அதில் "Date & time". முதலில் "Time zone" என்ற இடத்தைப் பார்த்தோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது இப்படி இருக்க வேண்டும்:

```
(UTC+08:00) Kuala Lumpur, Singapore
```

இந்த வரி சரியாக இருப்பது முக்கியம். சான்றிதழில் உள்ள நேரம் உலகப் பொது நேரத்தில் எழுதப்பட்டது. கணினி நம் உள்ளூர் நேரத்திலிருந்து அதைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்கிறது. இந்தியாவில் வாங்கி வந்த மடிக்கணினியில் நேர வலயத்தை மாற்றாமல், கடிகார முள்ளை மட்டும் நம் நேரத்துக்குத் தள்ளி வைப்பவர்கள் உண்டு. பார்வைக்கு மணி சரி, உள்ளுக்குள் இரண்டரை மணி நேரம் பிசகு. இதனால் சான்றிதழ் பிழை வருவது அரிது. ஆனால் அலுவலகக் கணக்குக்குள் நுழைய அந்தக் கணினியில் உள்ள செயலி தரும் ஆறு இலக்க எண், பொதுவாக 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் எண், ஏற்கப்படாமல் போகலாம்.

நேர வலயம் சரியாக இருந்ததால், "Set time automatically" என்பதை அணைத்துவிட்டு, "Change" என்பதைச் சொடுக்கி, நாள், மாதம், ஆண்டு, மணி எல்லாவற்றையும் கையால் திருத்தினோம். அதன்பின் தானியங்கு வசதியை மறுபடி போட்டு "Sync now" என்பதை அழுத்தினோம். உலாவியை முழுதாக மூடித் திறந்ததும் வரித் தளம் திறந்தது. மொத்தம் ஏழெட்டு நிமிடம்.

"தானாகவே நேரத்தை வாங்கிக்கிற வசதிதான் இருக்கே, அது ஏன் சரி பண்ணல?" என்று மகன் கேட்டான். நல்ல கேள்வி. நேரத்தை வாங்கும் வழிக்குச் சான்றிதழ் தேவையில்லை. தேவைப்பட்டால் கோழி முதலா முட்டை முதலா என்ற கதையாகிவிடும். ஆக, வழி அடைபடவில்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டுக் கணினிகளில் விண்டோஸின் நேரச் சேவைக்கு வழக்கமாக ஒரு வரம்பு உண்டு: 54,000 விநாடி, அதாவது 15 மணி நேரம். வித்தியாசம் அதற்குள் இருந்தால் தானாகத் திருத்திக்கொள்ளும். அதைவிட அதிகமென்றால், வெளியிலிருந்து வந்த நேரம்தான் தவறோ என்று சந்தேகப்பட்டு ஏற்க மறுத்துவிடும். பத்து ஆண்டு வித்தியாசத்தை அது எப்படி ஏற்கும்? அதனால்தான் முதலில் கையால் கிட்டத்தட்ட சரியான நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு "Sync now" அழுத்த வேண்டும். வரிசையை மாற்றினால் வேலை நடக்காமல் போகலாம்.

தொலைக்காட்சிப் பெட்டியிலும் இதே வரிசைதான். "Settings" உள்ளே "Date & time" போய், தானியங்கு நேரத்தை அணைத்து, கையால் சரியான நாளையும் மணியையும் வைத்து, வைஃபையை ஒருமுறை துண்டித்து இணையுங்கள். எல்லாம் ஓடத் தொடங்கியதும் தானியங்கு நேரத்தை மறுபடி போட்டுவிடுங்கள்.

மறுநாளும் 2015-க்கே திரும்பினால்?

அக்காவின் கணினி மறுநாள் காலை திரும்பவும் 1/1/2015-க்குப் போய்விட்டது. இது எதிர்பார்த்ததே. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறிய மின்கலம். மேசைக் கணினிகளில் இது பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்ட மின்கலம். இருபது சென் நாணயத்தைவிடக் கொஞ்சம் தடித்தது, மளிகைக் கடையிலேயே கிடைக்கும். பல ஆண்டு உழைத்தபின் அது தீர்ந்துவிட்டால், மின்சாரம் நின்ற ஒவ்வொரு முறையும் கடிகாரம் தயாரிப்பாளர் வைத்த தொடக்கத் தேதிக்குத் திரும்பிவிடும்.

மேசைக் கணினியில் மின்கம்பியைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டு மூடியைத் திறந்து, பழைய மின்கலம் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கவனித்து அப்படியே மாற்றலாம். மடிக்கணினியில் இது சற்றுக் கடினம். சிலவற்றில் மின்கலம் சிறு கம்பியோடு இணைந்து உள்ளே ஆழத்தில் இருக்கும். சில புதிய மாடல்களில் தனி மின்கலமே கிடையாது, பெரிய பேட்டரிதான் கடிகாரத்தையும் ஓட்டும். கடைக்குக் கொண்டுபோனால், "கடிகார மின்கலம் மாற்ற வேண்டும், ஃபார்மட் வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். மின்கலம் தீர்ந்த கணினியை ஃபார்மட் செய்தால் உங்கள் படங்கள்தான் போகும், கோளாறு போகாது.

"Proceed" அழுத்தலாமா?

எச்சரிக்கைப் பக்கத்தில் "Advanced" என்பதைச் சொடுக்கினால், "Proceed" என்று தொடங்கும் வரி ஒன்று சில தளங்களில் வரும். அதை அழுத்தினால் தளம் திறந்துவிடும். "அப்புறம் என்ன, அழுத்திட்டுப் போறதுதானே?" என்று கேட்கலாம்.

அழுத்தக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. அந்த வரியை அழுத்துவது, "இவருடைய கடப்பிதழைப் பார்க்காமலே உள்ளே விடு" என்று அதிகாரியிடம் சொல்வதுபோல. எதிரில் இருப்பது உண்மையான தளமா, நடுவில் புகுந்த வேறு யாராவதா என்று அதன்பின் தெரியாது. கடிகாரம் தவறு என்ற காரணத்துக்காக ஒருமுறை அழுத்திப் பழகியவர், நாளைக்கு உண்மையிலேயே ஆபத்தான பக்கம் வந்தாலும் அதே வேகத்தில் அழுத்தி வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுவார். பல வங்கித் தளங்களில் அந்த வரியே வராது. உலாவி பாதுகாப்பில்லாமல் தன்னை ஒருபோதும் திறக்கக்கூடாது என்று தளமே முன்கூட்டிச் சொல்லி வைத்திருக்கும்.

தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் அது வேறு கதை. ஒரே தளம் எல்லாக் கருவிகளிலும் தேதிப் பிழை காட்டினால், தளத்தை நடத்துபவர்களே சான்றிதழைப் புதுப்பிக்க மறந்திருக்கலாம். பெரியவர்களுக்கும் இது நடக்கும். 2020 பிப்ரவரி 3 அன்று மைக்ரோசாப்ட் டீம்ஸ் சில மணி நேரம் முடங்கியது இப்படித்தான். விமான நிலையத்திலோ தங்குவிடுதியிலோ பொது வைஃபையில் வந்தால், முதலில் திறக்க வேண்டிய நுழைவுப் பக்கத்தை நீங்கள் இன்னும் திறக்காமல் இருக்கலாம். மிகப் பழைய கருவியில் பல தளங்களில் வந்தால், அதில் உள்ள நம்பகமான அமைப்புகளின் பட்டியலே பழையதாகியிருக்கலாம். 2021 செப்டம்பர் 30 அன்று அப்படி ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, பல பழைய கருவிகள் தேதி சரியாக இருந்தும் தடுமாறின. இவை எதுவும் இல்லையென்றால், அந்தத் தளத்தில் எதையும் தட்டாமல் வெளியே வந்துவிடுவதே நல்லது.

அக்கா வரிப் படிவத்தை நேரத்தோடு அனுப்பிவிட்டார். மின்கலத்தை அடுத்த வாரம் மாற்றினார். அதற்கு முன்பே, டியூஷன் பாடங்களையும் படங்களையும் ஒரு வெளி வட்டில் நகல் எடுத்து வைத்துவிட்டார்.